கடற்கரைப் படத்தில் குப்பை பொறுக்குகிறவர்கள்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. சூரியன் எழுந்து நாற்பது நிமிடம் ஆகிறது. திருமணத்துக்கு ஒரு வாரம் இருக்கும் ஜோடி ஒன்று மணலில் நிற்க, புகைப்படக்காரர் முட்டி போட்டு வடக்குப் பார்த்துப் படமெடுக்கிறார். வலப்பக்கம் கடல், தூரத்தில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம், மணப்பெண்ணின் அரக்கு நிறப் பட்டுப் புடவைமேல் பக்கவாட்டில் விழும் இளவெயில். படம் அருமையாக வந்திருக்கிறது. மறுநாள் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மற்றவையெல்லாம் தெரிகின்றன: முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில், மாப்பிள்ளையின் காலடியில் இரண்டு காகித டீ கப், புடவைக் கொசுவத்துக்கு அடியிலிருந்து பாதி எட்டிப்பார்க்கும் பஜ்ஜித் தட்டு, ஈர மணலில் ஒட்டிக் கிடக்கும் கேரி பேக்.

இப்படியொரு படம் திருமண ஆல்பம் வடிவமைக்கிறவர்களின் மேசைக்கு வாரம் தவறாமல் வருகிறது. “குப்பையை மட்டும் எடுத்துடுங்க” என்பது வாடிக்கையாளர் சொல்லும் ஒரே வாக்கியம். எடுப்பது எளிது. எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. பாட்டிலுக்கு அடியில் இருந்த மணலைக் கேமரா பார்க்கவே இல்லை. அந்த மணலை யாராவது உருவாக்கியாக வேண்டும்.

மணல் நிறத்தில் ஒரு பிரஷ்ஷை எடுத்துத் தடவிவிட்டால் போதாதா என்று முதன்முதலாக முயல்பவர்களுக்குத் தோன்றும். தடவிப் பார்த்தால், அந்த இடம் மணலில் ஒட்டிய பிளாஸ்திரிபோல நிற்கும். மணல் ஒரு நிறம் அன்று. வெளிறிய துகளும் பழுப்புத் துகளும் கலந்து கிடக்கின்றன. நடுவே அலை ஒதுக்கிய கருமணல் கோடுகள். ஒவ்வொரு சிறு மேட்டுக்கும் வெயில்படும் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று. இந்த நுணுக்கமான ஏற்ற இறக்கத்தைத்தான் எடிட்டர்கள் டெக்ஸ்சர் என்கிறார்கள். அதைக் கையால் வரைய முடியாது. அதே படத்தில் வேறொரு இடத்திலிருந்து எடுத்துவந்து நிரப்பலாம். அப்படியானால் எந்த இடத்திலிருந்து?

இந்த வேலையின் முக்கால் பங்கு அந்தத் தேர்வில் இருக்கிறது. பாட்டில் கேமராவிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு நேர் மேலே, படத்தில் சற்று உயரத்தில், 10 மீட்டர் தள்ளி நல்ல சுத்தமான மணல் இருக்கிறது. அதை எடுத்துக் கீழே வைத்தால் என்ன ஆகும்? தூரம் இரு மடங்காகும்போது மணலில் உள்ள எந்தக் குழியும் படத்தில் அகலத்தில் பாதியாகத் தெரியும். தாழ்ந்த கோணத்திலிருந்து பார்ப்பதால் முன்பின் நீளம் அதைவிட வேகமாகச் சுருங்கி, ஏறக்குறைய கால் பங்காகிவிடும். 5 மீட்டரில் வட்டமாகத் தெரியும் காலடிக் குழி 10 மீட்டரில் ஒரு தட்டையான கீற்று. அந்தக் கீற்றுகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் அங்கே தரை மடிந்திருப்பதுபோலக் கண்ணுக்கு உறுத்தும்.

ஆகவே மணலைப் பக்கவாட்டில்தான் நகர்த்த வேண்டும், மேலும் கீழுமாக அன்று. படத்தில் ஒரே கிடைக்கோட்டில் இருக்கும் மணலெல்லாம் கேமராவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருக்கிறது. துகளின் அளவும் ஒன்று, லென்ஸ் தரும் தெளிவும் மங்கலும் ஒன்று. ஜோடியின்மேல் ஃபோகஸ் வைத்து எடுத்த படத்தில் 5 மீட்டர் மணல் சற்று மங்கலாக இருக்கும், 8 மீட்டர் மணல் கூர்மையாக இருக்கும். இரண்டையும் மாற்றி வைத்தால் அந்தத் துண்டு தனியே மிதக்கும். நம் படத்தில் இன்னொரு வரம்பும் உண்டு. வலப்பக்கம் போகப்போக உலர்ந்த மணல் முடிந்து ஈர மணல் தொடங்கிவிடுகிறது. பாட்டிலுக்கான மணலை இடப்பக்கத்திலிருந்தே எடுத்தாக வேண்டும்.

குப்பையை எடுப்பவர்கள் பெரும்பாலும் மறப்பது அதன் நிழலை. சூரியன் உதித்து நாற்பது நிமிடத்தில் சென்னையில் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த வெயிலில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் ஐந்தரை மடங்குக்கும் மேல் நீளும். 8 சென்டிமீட்டர் பருமனுள்ள பாட்டில் படுத்துக்கிடந்தாலும் நிழல் 45 சென்டிமீட்டர் வரை போகிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், 6000 பிக்சல் அகலப் படம் என்றால், அந்த நிழல் மட்டும் 750 பிக்சல். இதையே 36 அங்குல அகல ஆல்பத் தாளில் அச்சிட்டால் நாலரை அங்குல நீளத்துக்கு ஒரு கரிய கோடு கிடக்கும், அதைப் போட்ட பொருள் எங்கும் இல்லாமல்.

வேலை தொடங்கும்போது எடிட்டர் மூலப் படத்தைத் தொடுவதில்லை. அதன்மேல் வெற்று லேயர் ஒன்றைப் போட்டு, திருத்தங்கள் எல்லாவற்றையும் அதில் வைக்கிறார். ஃபோட்டோஷாப்பில் Sample என்ற இடத்தில் Current & Below என்று தேர்ந்துகொண்டால், பிரஷ் கீழே இருக்கும் படத்திலிருந்து மணலை எடுத்து மேலே இருக்கும் வெற்று லேயரில் வைக்கும். பிடிக்காவிட்டால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம்.

அடுத்துக் கருவி. மிகப் பழையது குளோன் ஸ்டாம்ப். ஓரிடத்தைக் குறித்துவிட்டு இன்னோரிடத்தில் தேய்த்தால், முதல் இடத்தில் உள்ளதை அப்படியே நகலெடுத்து வைக்கும். நிறத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்தே கொண்டுவரும் என்பது அதன் பலம், அதுவே அதன் குறையும். மணலின் இடக்கோடியில் லென்ஸின் இயல்பால் கொஞ்சம் இருட்டு இருந்தால், அந்த இருட்டும் கூடவே வந்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது 2002-இல் ஃபோட்டோஷாப் 7-உடன் வந்த ஹீலிங் பிரஷ். அது எடுத்த இடத்திலிருந்து துகளின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்பதை வைக்கும் இடத்தின் ஓரங்களிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறது. எனவே இருண்ட மூலையிலிருந்து எடுத்த மணலும் வெளிச்சமான நடுவில் பொருந்திவிடும். வெட்டவெளி மணலில் கிடக்கும் பாட்டிலுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. காசு கொடுத்து வாங்காமல் கிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதேபோன்ற ஹீல் கருவி அதிலேயே இருக்கிறது.

ஓரங்களிலிருந்து கணக்கிடுகிறது என்பதே அதற்கு வினையாகவும் முடியும். மாப்பிள்ளையின் கறுப்பு ஷூவை ஒட்டிக் கிடக்கும் டீ கப்பை ஹீலிங் பிரஷ்ஷால் தேய்த்தால், ஷூவின் கறுப்பையும் ஓரம் என்று எடுத்துக்கொண்டு, மணலில் மை கசிந்ததுபோல ஒரு கறையை உண்டாக்கும். அங்கே மறுபடி குளோன் ஸ்டாம்ப்தான். ஷூவின் விளிம்பைப் பென் டூலால் சுற்றிச் செலக்‌ஷன் போட்டு, விளிம்பையொட்டி விரல் அகலத்துக்கு மணலைக் குளோன் செய்துவிட வேண்டும். ஷூவுக்கும் குப்பைக்கும் நடுவே சுத்தமான மணல் ஒரு வரப்புபோல விழுந்த பிறகு, மீதியை ஹீலிங் பிரஷ்ஷிடம் விடலாம்.

பிரஷ்ஷின் விளிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகத்தில் பருவைத் திருத்திப் பழகியவர்கள் மிக மென்மையான விளிம்பை வைத்துக்கொள்வது வழக்கம். மணலில் அது கெடுத்துவிடும். மென்மையான விளிம்பில் பழைய மணலும் புதிய மணலும் பாதிப் பாதியாகக் கலக்கின்றன. ஒன்றின் கரிய துகள் இன்னொன்றின் வெளிறிய துகள்மேல் விழுகிறது. இரண்டும் சேர்ந்து சாம்பலாகின்றன. சமமாகக் கலக்கும் இடத்தில் துகளின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். நிறம் சரியாக இருக்கும், ஆனால் திருத்திய இடத்தைச் சுற்றி ஒரு மங்கலான வளையம் தெரியும். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஹார்ட்னெஸ் அளவைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, ஒப்பாசிட்டியை முழுதாக 100-இல் விட்டு, நூறு பிக்சல் அளவுள்ள பிரஷ்ஷால் சின்னச் சின்னத் தொடுதல்களாக நிரப்புகிறார்கள்.

ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுப்பது அடுத்த ஆபத்து. பாட்டிலின் நிழல் 750 பிக்சல் நீளம். அருகில் இருக்கும் 200 பிக்சல் நல்ல மணலைக் கொண்டே அதை மூடினால், அந்த மணலில் இருந்த ஒரு சிப்பித் துண்டு நான்கு முறை வரிசையாக வந்து நிற்கும். மனிதக் கண் இப்படித் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பதில் கில்லாடி. 2006 ஆகஸ்டில் பெய்ரூட் நகரின்மேல் குண்டு வீசப்பட்ட பிறகு எழுந்த புகையை, அத்னான் ஹாஜ் என்ற புகைப்படக்காரர் குளோன் கருவியால் இன்னும் அடர்த்தியாக்கினார். ராய்ட்டர்ஸ் வெளியிட்ட அந்தப் படத்தில் ஒரே புகைச்சுருள் அடுத்தடுத்து அச்சுப்போல வந்திருந்ததை வாசகர்களே கண்டுபிடித்தார்கள். அந்த நிறுவனம் அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. புகையில் தெரிந்தது மணலிலும் தெரியும். மூன்று நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து மாற்றி மாற்றி எடுப்பதும், சிப்பி, குச்சி, ஆழமான காலடி போன்ற முகம் தெரியும் எதுவும் இல்லாத மணலைத் தேர்வதும் இதற்கு வழி.

மணல் போதாதபோது படத்தைக் கண்ணாடிபோல இடவலமாகத் திருப்பி ஒட்டலாமே என்று சிலர் நினைப்பார்கள். நம் படத்தில் வெயில் வலப்பக்கமிருந்து வருகிறது. ஒவ்வொரு குழியின் இடச்சுவரிலும் ஒளி, வலச்சுவரில் நிழல். திருப்பினால் இது தலைகீழாகும். வலப்பக்க வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த இடத்தில் மட்டும் குழியெல்லாம் மேடாகத் தெரியும்!

இனி பஜ்ஜித் தட்டு. இந்தப் படத்திலேயே கடினமான இடம் இதுதான். புடவையின் ஜரிகைக் கரை தட்டின்மேல் படிந்து கிடக்கிறது. தட்டை எடுத்து மணலை வைத்தவுடன் புடவை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதுபோல ஆகிவிடும். துணி தரையில் படும் இடத்தில் ஒரு மெல்லிய இருட்டுக் கோடு இருக்கும். இதுவரை அது வெள்ளைத் தட்டின்மேல் விழுந்திருந்தது. தட்டோடு அதுவும் போய்விட்டது. கரையை நூல் பிசகாமல் செலக்‌ஷன் போட்டு மணலை நிரப்பிய பிறகு, மல்டிப்ளை முறையில் தனி லேயர் ஒன்றை வைத்து அந்த நிழலைத் திரும்ப வரைய வேண்டும். வரைவதற்குக் கறுப்பு ஆகாது. காலை நேர நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். பக்கத்திலேயே புடவை மணலைத் தொடும் இன்னோரிடத்தில் நிழலின் நிறத்தை எடுத்து, அதே அகலத்தில் இழுத்தால்தான் பொருந்தும். பாட்டிலுக்குப் பத்து நிமிடம் ஆனால் இந்த ஒரு சாண் கரைக்கு அரைமணி நேரம் போகும்.

ஈர மணலில் கிடக்கும் கேரி பேக்கின் சிக்கல் வேறு மாதிரி. ஈர மணல் பாதிக் கண்ணாடி. அதில் வானம் தெரிகிறது, கேரி பேக்கின் பிம்பமும் தலைகீழாக அதற்குக் கீழே தெரிகிறது. பொருளோடு அந்த வெளிறிய பிம்பத்தையும் எடுக்காவிட்டால் ஈரத்தில் ஒரு ஆவி மிச்சமிருக்கும். அங்கே துகள் குறைவு, நிறச்சரிவுதான் அதிகம். அதனால் ஹீலிங் பிரஷ் நன்றாகவே ஒத்துழைக்கும்.

தூரத்தில் சிதறிக்கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. 2010-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்5-இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில் அவற்றைத் தானே நிரப்பிவிடும். அது எப்படி நிரப்புகிறது? 1999-இல் அலெக்ஸி எஃப்ரோஸ், தாமஸ் லியூங் இருவரும் பெர்க்லியில் ஒரு வழி காட்டினார்கள்: ஓட்டையின் ஓரத்தில் இருக்கும் பிக்சல்களைப் பார், அதே மாதிரி சூழல் படத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடு, அங்கே நடுவில் என்ன இருக்கிறதோ அதை இங்கே வை. ஒவ்வொரு பிக்சலாக உள்நோக்கி இப்படியே வளர்ந்து ஓட்டை மூடும். முடிவு நன்றாக இருந்தது, ஆனால் தேடுவதற்கு நேரம் மிக அதிகம். 2009-இல் கான்னலி பார்ன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட பேட்ச்மேட்ச் முறை அந்தத் தேடலைச் சுருக்கியது. முதலில் குருட்டாம்போக்கில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இணையைப் போட்டுவிடுகிறது. லட்சக்கணக்கில் போட்டால் சில தற்செயலாகவே பொருந்தும். பொருந்திய துண்டு தன் இணை எங்கே இருந்தது என்பதைப் பக்கத்துத் துண்டுக்குச் சொல்ல, நல்ல பொருத்தம் ஊர்ச்செய்திபோலப் பரவுகிறது.

அதற்குத் தெரியாதது ஒன்று உண்டு. மணல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பாட்டில்போன்ற பெரிய ஓட்டையைக் கொடுத்தால் 10 மீட்டர் மணலையும் 5 மீட்டர் மணலையும் கலந்து நிரப்பும். சில நேரம் புடவைக் கரையில் ஒரு துண்டைக்கூட மணலில் கொண்டுவந்து வைக்கும். எங்கிருந்து எடுக்கலாம் என்று பச்சை நிறத்தில் எல்லை குறிக்கும் வசதி பிறகு அதில் சேர்க்கப்பட்டது. அந்த எல்லையைப் பாட்டிலுக்கு இடப்புறம் ஒரு கிடைப்பட்டையாகச் சுருக்கிக்கொடுத்தால், இயந்திரமும் பக்கவாட்டு விதிக்குள் வந்துவிடும்.

புல்தரைக்கு விதிகள் பெரும்பாலும் இவையேதான். வித்தியாசம் ஒன்று முக்கியம். மணல் துகளுக்குத் திசை இல்லை, புல்லுக்கு உண்டு. ரிசார்ட் புல்வெளியில் கொரியன் கிராஸ் நடுவே கோரை தலைதூக்கியிருக்கும் படத்தில், வட்டப் பிரஷ்ஷால் புல்லை வைத்தால் ஒவ்வொரு புல்லும் வட்டத்தின் விளிம்பில் பாதியில் அறுந்து நிற்கும். நல்ல புல்லை லாசோவால் ஒழுங்கற்ற வடிவத்தில் வெட்டியெடுத்து, தனி லேயரில் வைத்து, அதன் ஓரத்தைப் புல் வடிவப் பிரஷ்ஷால் மாஸ்க்கில் கீறிக் கலைத்துவிடுவது நல்லது. காய்ந்த திட்டுகளில் இந்த வேலையே தேவையில்லை. அங்கே புல் இருக்கிறது, பச்சைதான் போய்விட்டது. கலர் முறையில் ஒரு லேயரில் பக்கத்துப் பச்சையைப் பூசி, காய்ந்த புல் வெளிறியிருப்பதால் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால், அதே புல் பச்சையாகிவிடும்.

முடித்த பிறகு திருத்தியவரின் கண்ணை நம்ப முடியாது. இரண்டு மணி நேரம் பார்த்த கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எனவே படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கி, இடவலமாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். புதிய படம்போலத் தெரியும்போது திட்டுகள் வெளியே வரும். மேலே ஒரு கர்வ்ஸ் லேயரைப் போட்டு வெளிச்ச வேறுபாட்டை மிகைப்படுத்தினால், சாதாரணமாகத் தெரியாத நிறப் பிசகும் மங்கல் வளையமும் தெளிவாகிவிடும். பிசகைச் சரிசெய்ததும் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

எந்தக் கருவியாலும் மீட்க முடியாத படமும் உண்டு. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பிய படத்தில் கோப்பைச் சுருக்குவதற்காக மணலின் நுண்துகள் ஏற்கெனவே அழிக்கப்பட்டிருக்கும். எடுத்து வைக்க நல்ல மணலே அதில் இல்லை. எடிட்டர்கள் மூலக் கோப்பைக் கேட்பது இதனால்தான். அனுபவமுள்ள புகைப்படக்காரர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். ஜோடி நகர்ந்ததும் கேமராவை அசைக்காமல், ஃபோகஸை மாற்றாமல், குப்பையை அப்புறப்படுத்திவிட்டு வெறும் மணலை ஒருமுறை எடுத்துவைக்கிறார்கள். அதே தூரம், அதே வெயில், அதே மங்கல். மேலே சொன்ன அவ்வளவு வேலைக்கும் பதிலாக அந்த ஒரு படத்தை அடியில் வைத்துத் தேவையான இடத்தில் திறந்துவிட்டால் போதும்.

ஆல்பத்தில் செய்யலாம் என்பதால் எங்கும் செய்யலாம் என்றில்லை. சிரியாவில் ஒரு கிளர்ச்சிப் படை வீரர் பதுங்கும் காட்சியை 2013-இல் எடுத்த நார்சிசோ கான்ட்ரெராஸ், படத்தின் கீழ் இடது மூலையில் தரையில் கிடந்த இன்னொரு செய்தியாளரின் வீடியோ கேமராவை நீக்கி, அந்த இடத்தை அதே படத்தின் தரையைக் கொண்டு நிரப்பிவிட்டார். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அதே ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர் அவர். 2014 ஜனவரியில் விஷயம் தெரியவந்ததும் ஏபி செய்தி நிறுவனம் அவருடனான உறவை முறித்தது. அவருடைய ஏறக்குறைய 500 படங்களை மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டு, வேறு எதிலும் திருத்தம் இல்லை என்று கண்டது. இருந்தும் அவற்றைப் பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. செய்திப் படத்தில் தரையில் கிடப்பதும் செய்தி. பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை சேர்வதைப் பற்றிய கட்டுரைக்கு இதே ஜோடியின் படம் போகுமானால், அந்தப் பாட்டில் அங்கேயே கிடக்க வேண்டும்.

திருமண ஆல்பத்திலும் எடிட்டர் தொடாமல் விட்ட ஒன்று உண்டு. படத்தின் இடக்கோடியில், உலர்ந்த மணல்மேட்டில், ஊதாப் பூவோடு ஒரு கொடி படர்ந்திருந்தது. வாடிக்கையாளர் அதைக் களை என்று நினைத்து வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். அது அடும்பு, சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வரும் அதே கொடி, மணலைப் பிடித்து நிறுத்துவது. எடிட்டர் ஃபோன் போட்டுச் சொன்னார்: “மேடம், அது கடற்கரைச் செடிதான். எடுத்தா அந்தப் பக்கம் வெறிச்சுன்னு ஆயிடும். பூ வேற பூத்திருக்கு, இருக்கட்டுமே?” மறுமுனையில் சற்று யோசித்துவிட்டு, “சரி சார், தட்டு போயிடுச்சுல்ல, அது போதும்” என்றார் மணப்பெண்.